நூறு கிளாஸ் வரைக்கும் ஊருக்கு

தேத்தண்ணிக் கடை வைத்தால் நாலு காசு பார்க்கலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். அதனால் யாரையும் திட்டவும் வழியில்லாமல் போனது. எனக்குத் திட்டுவதற்கு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதபோது வீட்டுக்காரரைத் திட்டுவேன். அவர் கேட்டுக்கொண்டே விறகு பிளப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி அது. கண்டியிலிருந்து கம்பளை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில், புசல்லாவைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. வளைவில் பலகை அடைத்த ஒரு கடையும் பின்னால் ஒரு அறையும் இருந்தன. பக்கத்திலேயே மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலி. அந்த இடத்துக்கு வருவதற்குள் பஸ்களுக்கு மூச்சு முட்டிவிடும். முன்பக்கம் ஆவி பறக்க நிற்கும். டிரைவர் இறங்கிப் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார். அந்த நேரத்தில் பயணிகள் கையைக் காலை உதறிக்கொண்டு இறங்குவார்கள், குளிருக்குச் சூடாக ஏதாவது கேட்பார்கள். இதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஆசை வந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். ஒரு காலைப் பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், வீட்டுக்காரர் கங்காணிக்கு எதிர்ப்பேச்சுப் பேசிவிட்டார். பேசியதற்குத் தண்டனையாக, மற்றவர்கள் எல்லோரும் மலைக்குப் போன பிறகும் மத்தியானம் வரை அவரை அதே இடத்தில் மழையில் நிறுத்தி வைத்தார்கள். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தன. நனைந்துபோய் வந்தவர், தலையைக்கூடத் துவட்டாமல், "இனிமே செத்தாலும் அந்தப் பெரட்டுக் களத்துல போயி நிக்க மாட்டேன், புள்ள" என்றார். நானும் சரி என்றேன். அடுத்த மாதமே வேலையை விட்டதற்கான பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியேறினோம். திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. கடை அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

கடைக்குச் சொந்தக்காரர் மடவளையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் வியாபாரி. தங்கமான மனிதர், ஆனால் எழுத்து என்றால் எழுத்து. கண்டியில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினார். மாதம் பதினைந்து ரூபா வாடகை. இடையில் விட்டுப் போனால் மிச்ச மாதத்து வாடகை முழுவதையும் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் என் அப்பாவின் இரண்டு பால் பசுக்கள் அவருக்கு. அப்பா இன்னமும் தோட்டத்தில்தான் இருந்தார். அந்தப் பசுக்கள்தான் அவருக்குச் சொத்து. மகள் கேட்டாளே என்று பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்தக் கடையில் பல வருஷமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது, மாதம் பதினைந்து ரூபா அவருக்கும் கொடுக்க வேண்டும். அதற்கும் தலையாட்டினோம். அவர் ஊற்றுகிற தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது.

ஒரு கிளாஸ் நாலு சதம், ரூபாவுக்கு நூறு சதம். பால் தேத்தண்ணி மட்டும்தான் விற்றோம். தூள், சீனி, பால் மூன்றையும் சேர்த்தால் ஒரு கிளாசுக்கு இரண்டு சதம் எங்களுக்குச் செலவு. சுற்றிவர மலை முழுக்கத் தேயிலை நிற்க, தூள் வாங்குவதற்கு நான் கண்டி மார்க்கெட்டுக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் எனக்குக் கடைசிவரை போகவில்லை. எப்படியோ, இரண்டு சதத்துக்குச் செய்து நாலு சதத்துக்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் என்று முதல் மாதங்களில் மிதப்பாக இருந்தோம். ஒரு நாளில் நூறு கிளாசுக்கு மேல் போகும். கடை நிறைய ஆள். ஆனால் மாதக் கடைசியில் வாடகையும் சம்பளமும் கொடுத்து முடித்தால் பெட்டியில் மூன்று ரூபாதான் கிடக்கும். ஒரு மாதம் அப்படி என்றால் தற்செயல். எட்டு மாதமும் அப்படியே என்றால் எனக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் எப்போதும் முதலாவது. இதை நான் இந்தக் கதையில் பெருமையாகச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு மத்தியானம் மழை பெய்து கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில், ஒரு கிளாஸ்கூட விற்காத நாளிலும் என்ன செலவாகும் என்று எழுதினேன். வாடகை நாளுக்கு ஐம்பது சதம். பெரியவர் சம்பளம் ஐம்பது. விறகு நாற்பது, ஏனென்றால் ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் தண்ணீர் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கெண்ணெய் பத்து. கடை லைசென்சுக்கு நாளுக்கு வருகிற பங்கு பத்து. கடைசியாக எங்கள் சாப்பாடு நாற்பது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நம்ம சோத்தையுமா செலவுல எழுதுற?" என்றார். "அடுப்பு தின்றதை எழுதுறேன்ல, நாம தின்றதையும் எழுத வேண்டாமா?" என்றேன். கூட்டினால் இரண்டு ரூபா. நான் கண் விழிப்பதற்கு முன்பே அந்த இரண்டு ரூபா அந்த நாளின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம் ஒரு கிளாசில் மிஞ்சுவது இரண்டு சதம். இருநூறு சதத்தை இரண்டு இரண்டாக எடுத்து அடைக்க எத்தனை கிளாஸ் வேண்டும்? நூறு. நூறாவது கிளாஸ் வரைக்கும் நாங்கள் ஊற்றுவது எங்களுக்கு இல்லை, வாடகைக்கும் விறகுக்கும் பெரியவருக்கும். நூறாவது கிளாசில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நூற்றியோராவது கிளாசிலிருந்துதான் கிளாசுக்கு இரண்டு சதம் மிச்சம். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நூறு என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாலும், "இது எத்தினியாவது, புள்ள?" என்று விறகுக் குவியலிலிருந்து கத்துவார். வருகிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

எத்தனை கிளாஸ் போகிறது என்று எண்ணுவதற்கு ஒரு வழி செய்தேன். பெரியவர் ஒவ்வொரு கிளாசை ஊற்றும்போதும் ஒரு புளியங்கொட்டையை டின்னில் போட வேண்டும். அவர் நல்ல மனிதர், ஒன்றையும் தவற விடமாட்டார். பொழுது சாய்ந்து பலகை அடைக்கும்போது நான் கொட்டையையும் காசையும் எண்ணுவேன். முதல் நாளே நூற்று நாற்பத்தைந்து கொட்டை. நூறு போக நாற்பத்தைந்து கிளாஸ், கிளாசுக்கு இரண்டு சதம், தொண்ணூறு சதம் எங்களுக்கு மிஞ்ச வேண்டும். காசு பார்த்தால் ஐந்து ரூபாதான் இருந்தது. நூற்று நாற்பத்தைந்து கிளாசுக்கு ஐந்து ரூபா எண்பது இருக்க வேண்டும். எண்பது சதத்தைக் காணவில்லை. அடுத்த நாளும் எண்பது. மூன்றாம் நாளும் அப்படித்தான்.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நேரே பெரியவரிடம் போய்க் கேட்டேன். கேட்ட விதமும் நன்றாக இல்லை. அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"டிரைவருக்கும் கண்டக்டருக்கும் யாரு தாயி காசு வாங்குறா? பத்து தடவ பஸ்ஸு நிக்குது. ரெண்டு ரெண்டு பேரு. எண்ணிப் பாருங்க."

இருபது கிளாஸ். எண்பது சதம். தினமும் என் கண்ணெதிரில்தான் குடித்தார்கள். பஸ்ஸை நிறுத்துகிறவர்களுக்குக் காசு கேட்பதில்லை என்பது அந்தப் பாதை முழுக்க உள்ள வழக்கம். யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, யாரும் அதை மீறுவதும் இல்லை. நான் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் எண்பது சதம் மண்டைக்குள் இரைந்துகொண்டே இருந்தது. மாதத்துக்கு இருபத்து நாலு ரூபா! கடை வாடகையைவிட அதிகம். நாங்கள் மூன்று ரூபாவுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர்கள் காலுக்கு மேல் கால் போட்டு இருபத்து நாலு ரூபாவைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

"பஸ்ஸு பீலித் தண்ணிக்குத்தான் நிக்குது. நம்ம தேத்தண்ணிக்கா நிக்குது?" என்றேன் வீட்டுக்காரரிடம். அவருக்கு அது சரியாகப் படவில்லை. "வேணாம் புள்ள" என்றார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கில் முதலாவது வந்தவள் நான்தானே.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்தவர் அந்தப் பாதையிலேயே மூத்த டிரைவர். மற்ற டிரைவர்கள் எல்லாம் அவர் சொன்னதைக் கேட்பவர்கள். குடித்துவிட்டுக் கிளாசை வைத்தார். "அண்ணே, நாலு சதம்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து எட்டுச் சதத்தை எடுத்து, கண்டக்டருக்கும் சேர்த்து, மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். மத்தியானம் கீழே இறங்கும்போது அந்த பஸ் நிற்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. அரை மைலுக்கு மேலே இன்னொரு பீலியும் அதன் பக்கத்தில் இன்னொரு தேத்தண்ணிக் கடையும் இருந்தன. ஆவி பறந்தாலும் பறக்கட்டும் என்று அங்கே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் கொட்டை அறுபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. வண்டிக்காரர்களும், நடந்து போகிற தோட்டத்து ஆட்களும், சுற்றுவட்டத்துச் சிங்கள ஆட்கள் சிலரும்தான் வந்தார்கள். அறுபத்தைந்து கிளாசில் நூற்று முப்பது சதம் மிஞ்சும். செலவு இருநூறு. நாளுக்கு எழுபது சதம் நட்டம்.

என் தப்பு எனக்கு அப்போதுதான் உறைத்தது, அதுவும் துண்டு துண்டாக. ஓசிக் கிளாஸ் ஒன்றுக்கு நாலு சதம் நட்டம் என்று எழுதினேனே, எனக்கு அதில் உண்மையாகப் போனது தூளும் சீனியும் பாலும், இரண்டு சதம்தான். மற்ற இரண்டு சதம் என் கைக்கு எப்போதுமே வரப்போவதில்லை. காசு கேட்டால் அவர்கள் குடிக்கவே மாட்டார்கள். ஆக இருபது கிளாசுக்கு நாற்பது சதம். அந்த நாற்பது சதத்தை இரண்டு ரூபாவோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அப்போது நூறு இல்லை, நூற்றிருபது கிளாஸ் காசுக்கு விற்றால்தான் சரிக்குச் சரி. நாங்கள் விற்றது நூற்றிருபத்தைந்து. ஐந்து கிளாஸ் மேலே, பத்துச் சதம். மாதத்துக்கு மூன்று ரூபா. பெட்டியில் கிடந்த மூன்று ரூபா பொய் சொல்லவில்லை. அந்த நாற்பது சதம் கொடுத்து நான் ஒரு நாளைக்கு அறுபது கிளாஸ் வியாபாரத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு நிறுத்தத்துக்கு ஆறு பேர். அறுபது கிளாசில் நூற்றிருபது சதம். அதை என் கையாலேயே விரட்டிவிட்டேன்.

அழுதேனா என்றால் அழுதேன். பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை.

அழுதது போதும் என்று அடுத்த பைத்தியக்காரத்தனத்தில் இறங்கினேன். விலையை மூன்று சதமாக்கினேன். ஒரு சதம் குறைத்தால் ஆட்கள் கூடுவார்கள். கூடினார்கள்தான். தொண்ணூறு கிளாஸ் போயிற்று. பெரியவர் கை ஓயாமல் ஊற்றினார். எனக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. பொழுது சாய எண்ணினால் நட்டம் எழுபதிலிருந்து நூற்றுப் பத்தாகிவிட்டது. விலையில் ஒரு சதம் குறைத்தேன் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு மிஞ்சுகிற இரண்டு சதத்தில் பாதியைக் குறைத்திருந்தேன். ஒரு கிளாசுக்கு ஒரு சதம் மிஞ்சினால் இரண்டு ரூபாவை அடைக்க இருநூறு கிளாஸ் வேண்டும். அந்த அடுப்பிலும் அந்த ஒரே பாத்திரத்திலும் அவ்வளவு ஊற்றவும் முடியாது, அந்த வளைவில் அவ்வளவு தொண்டையும் இல்லை. ஒரு வாரத்தில் மறுபடி நாலு சதமாக்கினேன். வண்டிக்காரர் ஒருவர், "என்னம்மா, காலையில ஒரு வெல, ராவைக்கு ஒரு வெலயா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"மூடிருவமா?" என்று ஒரு நாள் வீட்டுக்காரர் கேட்டார். மூடுவதற்கும் கணக்குப் போட்டேன். மூடினால் விறகும் விளக்கெண்ணெயும்தான் மிச்சம், ஐம்பது சதம். வாடகை, பெரியவர் சம்பளம், லைசென்ஸ், எங்கள் சோறு எல்லாம் அப்படியே நிற்கும். ஒன்றரை ரூபா. திறந்தால் எழுபது சதம் நட்டம், மூடினால் ஒன்றரை ரூபா நட்டம். இருபத்தைந்து கிளாசுக்கு மேல் விற்கிற வரைக்கும் மூடுவதைவிடத் திறப்பதே மேல். அதாவது எழுபது சதம் தோற்பதற்காக நான் தினமும் இருட்டில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும், எழாமல் படுத்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் தோற்பேன். எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் திறந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயிலுக்குப் போகாமல் திறந்தேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. உள்ளே நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. சேர்த்து வைத்திருந்த கொஞ்சக் காசும், என் தோடும் பஸ் நிற்காத அந்த மூன்று மாதத்தில் போய்விட்டன.

மடவளைக்காரர் வாடகைக்கு வந்தபோது கதிரையைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தேன். ஒரு வருஷம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு வெளங்குது மகள். ஆனா இந்த வாடகைய நம்பித்தான் நானும் கண்டியில கடைக்கு கடன்பட்டு இரிக்கிறன். நான் ஒங்கள விட்டா, என்னய ஆரு விடுவாங்க?"

"பெரியவரையாவது எங்க பொறுப்புல இருந்து எடுங்க முதலாளி."

"அவருக்கு போக எடமில்ல மகள்" என்றார் மெதுவாக. பெரியவர் இரண்டடி தள்ளி நின்று கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். பதினைந்து ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். போகும்போது, "டிரைவர்மாரோட சமாதானமா போங்க. பஸ்ஸு நின்டா எல்லாம் சரி வரும்" என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஒரு மாதிரித் தேவலையாக இருந்திருக்கும்.

மூத்த டிரைவரைப் பார்க்க அரை மைல் ஏறிப் போனேன். மேல் கடையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். என் காலடியில் தூசி, அவர் கையில் சூடான கிளாஸ். அந்தக் கடைக்காரர் எனக்கும் ஒரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. பழையபடி வாங்க."

அவர் சிரிக்கவில்லை, பழி வாங்குகிற மாதிரியும் பேசவில்லை. "தங்கச்சி, எனக்கு ஒங்க மேல கோவமில்ல. நாலு சதத்துக்கு நான் செத்துப்போக மாட்டேன். ஆனா எல்லார் முன்னாடியும் கேட்டீங்க பாருங்க" என்றார். பிறகு வாசலைக் கண்ணால் காட்டினார். "இங்க இப்ப தேத்தண்ணியோட ஆளுக்கு ஒரு வடை. ஒரு கட்டு பீடி. பொடியன்மாரு பழகிட்டானுக. நீங்களும் அப்படிக் குடுத்தா கூட்டிட்டு வாறேன். கொறச்சுக் குடுத்தா நான் சொன்னாலும் நிக்க மாட்டானுக."

நான் அங்கேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு கிளாஸ் நாலு சதம், இரண்டு வடை நாலு சதம், பீடி இரண்டு. ஒரு நிறுத்தத்துக்குப் பத்துச் சதம் போகும். இறங்குகிற ஆறு பேரால் பன்னிரண்டு சதம் வரும். மிச்சம் இரண்டு சதம். பத்து நிறுத்தத்துக்கு இருபது சதம். இப்போதுள்ள நட்டம் எழுபது, அது ஐம்பதாகும். சரிக்குச் சரி வர நூற்றைம்பது கிளாஸ் விற்க வேண்டும், எனக்கு வரப்போவது நூற்றிருபத்தைந்து. அதாவது பஸ் எல்லாம் திரும்பி வந்து, கடை நிறைந்து, பெரியவர் பழையபடி ஓடியாடி ஊற்றினாலும் நாளுக்கு ஐம்பது சதம் நட்டம். இருந்தாலும் எழுபதைவிட ஐம்பது குறைவுதானே. "சரிங்க அண்ணே" என்றேன். இருபது சதத்துக்காக அந்த வாசலில் தலையைக் குனிந்தேன். இறங்கி வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதையோரத்துக் கல் ஒன்றை உதைத்து விரலில் நகம் பெயர்ந்தது.

பஸ்கள் வந்தன. கடை முதல் வருஷத்தைப் போலவே கலகலப்பானது. பார்க்கிறவர்கள், "யாவாரம் அமோகமா இருக்கே" என்றார்கள். ஆமாம் என்றேன்.

மழை பிடித்த ஒரு மத்தியானம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் கூட்ட முடியாது, மேல் கடையிலும் நாலு சதம்தான். வாடகை குறையாது. பெரியவர் போக மாட்டார். விறகு குறைந்தால் தண்ணீர் ஆறிவிடும். விட்டுப் போனால் அப்பாவின் பசு. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடசியில எவ்வளவு கொறையுது?"

"நாளுக்கு அம்பது சதம்."

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஞாயித்துக்கெழம இப்ப பூசைக்குப் போறவங்களும் வர்றாங்க. அன்னைக்குச் சரியாப் போயிரும்."

"அம்பது சதம்" என்று ஒருமுறை தனக்குள் சொன்னார். பிறகு கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டு, "வெறகு பொளக்க ஒனக்கு ஏலுமா?" என்று கேட்டார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஏலும் என்றேன்.

மறுநாள் நான் அடுப்பு மூட்ட எழுந்தபோது அவர் ஏற்கெனவே கம்பளியை மடித்துத் தலையில் போட்டிருந்தார். தோட்டத்தில் ஆண்களுக்கு ஒரு நாள் பேர் போட்டால், அதாவது ஒரு நாள் வேலைக்குப் பேர் பதிந்தால், கூலி ஐம்பது சதம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "வேணாங்க. அந்தக் களத்துல போய் நிக்க வேணாங்க. வேற ஏதாச்சும் பாப்போம்" என்றேன். வேறு என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எல்லாக் கணக்கையும் நேற்றுத்தானே நானே போட்டுக் காட்டினேன். கையை மெதுவாக எடுத்துவிட்டு ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளச் சத்தம் கேட்டது. பெரியவர் பலகைகளைத் திறக்கத் தொடங்கினார். நான் விறகு பிளக்கப் போனேன்.

இருபத்தாறு நாள் போனார். மாதக் கடைசியில் பதின்மூன்று ரூபாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அதைப் பெட்டிக் காசோடு சேர்த்து எண்ணினேன். வாடகை, சம்பளம், விறகு, லைசென்ஸ், சோறு, தூள், சீனி, பால், வடை, பீடி எல்லாம் கழிந்தது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"கங்காணி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டேன். ஒரு மாதமாக அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஒன்னும் சொல்லல. மொத நாளு, பேரு போட முந்தி, எல்லாரும் மலைக்குப் போற வரைக்கும் நிக்கச் சொன்னாரு. நின்னேன்." அவர் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னார். "கடைக்கு இப்ப நட்டமில்லல்ல, புள்ள?"

"இல்லைங்க" என்றேன். இன்னும் இருபத்து மூன்று மாதம் இருந்தது.